சம்மதப் படிவம் தமிழுக்கு வரும்போது: வன்னியில் மொழிபெயர்க்கத் தொடங்குபவருக்கு

முதன்முதலாக ஒரு சம்மதப் படிவத்தை மொழிபெயர்த்தபோது ‘பிரின்சிபல் இன்வெஸ்டிகேட்டர்’ என்ற இடத்தில் ‘பிரதான விசாரணையாளர்’ என்று எழுதினேன். அகராதி அப்படித்தான் சொன்னது. ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில் கள உதவியாளர் அதை வாசிக்கத் தொடங்கினார். இரண்டாவது வரியிலேயே அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். “இது எந்த விசாரணை பிள்ளை? நாங்கள் எல்லா விசாரணைக்கும் போய் எல்லாம் சொல்லிப்போட்டம்.” ஆய்வு பிள்ளைகளின் சத்துணவைப் பற்றியது. நாங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அந்தப் படிவம் பின்மொழிபெயர்ப்பில் எந்தக் குறையும் இல்லாமல் தேறிய படிவம். ‘விசாரணையாளர்’ என்பதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்றுதான் வரும். பொருள் அப்படியே இருக்கிறது, பயம் மட்டும் கண்ணில் படவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர் தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய விஷயம் இதுதான். அதனால் கீழே சொல்லும் வழிமுறையில் சொல் தேர்வுக்கும் வாசித்துக் காட்டுவதற்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

விளக்கத்துக்கு ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். நெடுங்கேணிப் பக்கத்துக் கிராமங்களில் கிணற்றுத் தண்ணீரையும் சிறுநீரக நோயையும் பற்றிய ஆய்வு. வீட்டுக்கு ஒருவரிடம் 5 மில்லிலீற்றர் இரத்தமும் கொஞ்சம் சிறுநீரும் எடுப்பார்கள், கிணற்றிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் எடுப்பார்கள், அரை மணித்தியாலம் கேள்வி கேட்பார்கள். ஆய்வாளர் உங்களுக்கு மின்னஞ்சலில் நாற்பது பக்கக் கோப்பை அனுப்பி, “இதைத் தமிழாக்கித் தாருங்கள்” என்கிறார்.

முதலில், யாருக்கு எது என்று பிரியுங்கள்

நாற்பது பக்கமும் ஒரே வாசகருக்கு எழுதப்பட்டதல்ல. நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பம் குழு உறுப்பினர்கள் வாசிப்பது. தகவல் தாள், உரிமைக் கூற்று, சம்மதப் படிவம், கேள்விக்கொத்து ஆகியவை வீட்டுக்குப் போகிறவை. இலங்கையில் விண்ணப்பத்தைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே குழு ஏற்றுக்கொள்ளும். பங்குபற்றுநர் கைக்குப் போகும் தாள்கள்தான் அவரவர் மொழியில் கட்டாயம் வேண்டும். ஆகவே எதை மொழிபெயர்க்க வேண்டும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முழு விண்ணப்பமும் தமிழில் வேண்டும் என்றால், பெரும்பாலும் கிராமத்துச் சங்கம் ஒன்றோ குழுவில் உள்ள துறைசாராத உறுப்பினரோ அதை வாசிக்கப்போகிறார் என்று அர்த்தம். அதற்கு அலுவலகத் தமிழ் போதும். உரிமைக் கூற்றுக்கு அது போதாது.

தமிழாக்க வேண்டிய தேவை இல்லாவிட்டாலும் விண்ணப்பத்தை முழுக்க வாசியுங்கள். வாசிக்கும்போது பென்சிலால் நான்கு விடயங்களைச் சுழியுங்கள்: எவ்வளவு இரத்தம், எத்தனை வருடம் சேமிப்பு, பெயர்ப் பட்டியலை யார் பார்ப்பார்கள், பங்குபற்றுநருக்கு என்ன கொடுக்கப்படும். பிறகு தகவல் தாளில் அதே நான்கையும் தேடுங்கள். எங்கள் உதாரணத்தில் விண்ணப்பம் மாதிரிகளை 10 வருடம் வைத்திருப்போம் என்கிறது, தகவல் தாள் 5 வருடம் என்கிறது. இதை நீங்களாகத் திருத்தக் கூடாது. ஒரு தனித் தாளில் எழுதி ஆய்வாளருக்கு அனுப்புங்கள். அவர் ஆங்கிலத்தைத் திருத்தி அனுப்பிய பிறகுதான் தமிழில் எண்ணைப் போட வேண்டும். இந்தக் கேள்வித் தாளைக் கடைசிவரை வைத்திருங்கள், பிறகும் வேலைக்கு வரும்.

மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் சொற்பட்டியல்

திரும்பத் திரும்ப வரும் பதினைந்து இருபது சொற்களுக்கு முதலே தமிழ் தீர்மானித்து ஆய்வாளரின் சம்மதத்தையும் வாங்குங்கள். இல்லாவிட்டால் முதல் பக்கத்தில் ‘ஆய்வு’, மூன்றாம் பக்கத்தில் ‘ஆராய்ச்சி’, ஐந்தாம் பக்கத்தில் ‘கற்கை’ என்று வந்து, வாசிக்கிறவர் மூன்று வேறு விடயங்கள் நடப்பதாக நினைப்பார்.

வன்னியில் சில சொற்கள் தங்களோடு பழைய கதைகளையும் கொண்டுவரும். ‘விசாரணை’யைச் சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் ‘ஆய்வுக்குப் பொறுப்பானவர்’ என்று எழுதினால் முடிந்தது.

‘கன்சென்ட்’ என்பதற்கு ‘ஒப்புதல்’ நல்ல தமிழ்தான். தமிழ்நாட்டுப் படிவங்களில் அதுதான் இருக்கும். ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் ‘ஒப்புதல்’ என்றால் அடுத்த சொல் ‘வாக்குமூலம்’. ‘சம்மதம்’ என்று எழுதுங்கள். அதே காரணத்தால் உரிமைக் கூற்றின் தலைப்பில் ‘ஸ்டேட்மென்ட்’ என்பதை ‘வாக்குமூலம்’ ஆக்கிவிடாதீர்கள், அப்படி ஆக்கியதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். வீட்டுக்குப் போகும் தாளில் தலைப்பு ‘உங்கள் உரிமைகள்’ என்று இருந்தால் போதும்.

‘கொம்பென்சேஷன்’ இன்னொரு பொறி. எங்கள் ஆய்வில் அது நெடுங்கேணி ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் பஸ் காசு. ‘நட்டஈடு’ என்று எழுதினால், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு வேண்டாம் என்று வருடக்கணக்காகச் சொல்லிவரும் குடும்பம் அந்த வரியை எப்படி வாசிக்கும்? ‘போக்குவரத்துச் செலவு’ என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஆனால் ஆய்வால் உடலுக்குத் தீங்கு வந்தால் கொடுக்கும் பணத்தையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால்தான் சொல்வார்கள். அது வேறு விடயம். இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லில் போட்டால் பஸ் காசு தீங்குக்கான ஈடு ஆகிவிடும். எது எங்கே என்று பார்த்துப் பிரித்து எழுத வேண்டும்.

‘கொன்ஃபிடென்ஷியல்’ என்பதை எல்லோரும் ‘இரகசியமாகப் பேணப்படும்’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். அதில் இரண்டு கோளாறு. ‘இரகசியம்’ என்றால் ஏதோ மறைவான வேலை நடக்கிறது என்ற தொனி வருகிறது. அதோடு, யார் பேணுவார், யாரிடமிருந்து என்பது வாக்கியத்தில் இல்லை. தமிழில் செயப்பாட்டு வினை வசதியானது, செய்கிறவர் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும். உரிமைக் கூற்றில் அப்படி யாரையும் ஒளிக்கக் கூடாது. “நீங்கள் சொல்வதை உங்கள் பெயரோடு சேர்த்து வேறு யாருக்கும் சொல்ல மாட்டோம்” என்று எழுதுங்கள். இன்னொன்று, பெயரே எழுதாமல் விடுவதும் பெயரை எழுதிப் பூட்டி வைப்பதும் ஒன்றல்ல. எங்கள் ஆய்வில் இரத்தப் பரிசோதனை முடிவை வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், ஆகவே பெயர் எங்கோ இருக்கிறது. “உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது” என்று எழுதினால் அது பொய்.

‘வொலன்டரி’ என்ற சொல்லுக்குத் ‘தன்னார்வ’, ‘தொண்டர்’ இரண்டும் வேண்டாம். தொண்டர் ஆசிரியராக வருடக்கணக்கில் படிப்பித்து நிரந்தர நியமனத்துக்குக் காத்திருந்தவர்கள் உள்ள ஊர் இது. தொண்டராகச் சேர்ந்தால் பிறகு ஏதாவது கிடைக்கும் என்று ஒரு பிள்ளை நினைத்தால் அதில் பிழை இல்லை. ‘சுயவிருப்பம்’ என்பதும் ‘விரும்பினால் மட்டும்’ என்பதும் சரியாக இருக்கும்.

‘பரிசோதனை’ என்ற சொல்லை ஆய்வுகூடத்தில் செய்வதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு முழுவதையும் பரிசோதனை என்று சொன்னால் கிளினிக்கில் இலவசமாகப் பார்க்கிறார்கள் என்று சனம் வரும், மருந்து கிடைக்காதபோது கோபிக்கும்.

சிறுநீருக்கு நம் பக்கத்தில் ‘சலம்’ என்பதுதான் மரியாதையான பேச்சு. ஆனால் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் 1977க்கும் 1983க்கும் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. அவர்களில் சிலருக்குச் ‘சலம்’ பழக்கமில்லை. ‘சிறுநீர் (சலம்)’ என்று முதல் தடவை இரண்டையும் போட்டுவிடுங்கள். ‘குருதி’ பாடப்புத்தகத்தில் இருக்கட்டும், தாளில் ‘இரத்தம்’ போதும். 5 மில்லிலீற்றர் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஒரு தேக்கரண்டி அளவு’ என்று சேர்க்கலாமா என்று ஆய்வாளரைக் கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள்.

நெறிமுறைக் குழுவின் பெயரை நீங்களாக மொழிபெயர்க்க வேண்டாம். ஒவ்வொரு குழுவும் தன் தமிழ்க் கடிதத்தில் ஒரு பெயரை அச்சிடும், அதையே பாருங்கள். ‘பங்குபற்றுநர்’ பற்றியும் ஒரு சொல். 1964 இல் வந்த ஹெல்சிங்கி பிரகடனம் 2024 திருத்தத்தில் ‘ஆய்வுக்கு உட்படுத்தப்படுபவர்’ என்ற பொருள்தரும் பழைய சொல்லைக் கைவிட்டு ‘பங்குபற்றுநர்’ என்ற பொருளுள்ள சொல்லுக்கு மாறியது. ஆங்கில மூலத்தில் பழைய சொல் இன்னும் கிடந்தால் ஆய்வாளருக்கு நினைவூட்டுங்கள்.

உரிமைக் கூற்று: ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டுதல்

எல்லாப் படிவத்திலும் வரும் வாக்கியம் ஒன்று உண்டு. பங்குபற்றுவது சுயவிருப்பம், எப்போதும் விலகலாம், அதற்குத் தண்டனையோ ஏற்கெனவே உரித்தான நன்மைகளின் இழப்போ இல்லை, ஏற்கெனவே பகுப்பாய்வு செய்த தரவை மட்டும் எடுத்துவிட முடியாது. இவ்வளவும் ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் வரும். அதை அப்படியே இறக்கினால் இப்படி இருக்கும்:

“இவ்வாய்வில் தங்களது பங்கேற்பு தன்னார்வமானதாகும் என்பதுடன், எவ்வித தண்டனையோ தாங்கள் பெற உரித்துடைய நன்மைகளின் இழப்போ இன்றி எச்சந்தர்ப்பத்திலும் விலகிக்கொள்வதற்குத் தங்களுக்கு உரிமை உண்டு, எனினும் அதுவரை பகுப்பாய்வு செய்யப்பட்ட தரவுகள் நீக்கப்பட மாட்டாது.”

இலக்கணப் பிழை இல்லை. ஆனால் காதால் கேட்கிறவருக்கு முதலில் எட்டும் சொல் ‘தண்டனை’. தண்டனை இல்லை என்று யாராவது தானாக வந்து சொன்னால், இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ‘நன்மைகள்’ என்பது எது என்றும் தெரியாது. வீட்டில் கேட்கிறவர் மனதில் ஓடும் நன்மை அஸ்வெசும, வீட்டுத்திட்டம், கிளினிக் மருந்து. ஆகவே ஆய்வாளரிடம் கேளுங்கள்: இந்த ஆய்வில் ‘நன்மை’ என்று நீங்கள் சொல்வது எதை? அவர் “ஆஸ்பத்திரிச் சிகிச்சையும் அரச உதவியும்” என்றார் என்று வைப்போம். அதை ஆங்கிலத்திலும் சேர்க்கச் சொல்லிவிட்டு, தமிழைத் துண்டு துண்டாக எழுதுங்கள்:

“நீங்கள் விரும்பினால் மட்டும் இந்த ஆய்வில் சேரலாம். வேண்டாம் என்றால் காரணம் சொல்லத் தேவையில்லை. சேர்ந்த பிறகும் எந்த நேரத்திலும் விலகலாம். நீங்கள் சேராவிட்டாலும் இடையில் விலகினாலும், ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சையிலும் அரசாங்கம் தரும் உதவியிலும் எந்த மாற்றமும் வராது. நீங்கள் விலகினால் உங்களிடம் எடுத்த இரத்தத்தையும் சிறுநீரையும் அழித்துவிடுவோம். ஆனால் அதற்கு முன் நாங்கள் கணக்கில் சேர்த்த முடிவுகளை மட்டும் திரும்ப எடுக்க முடியாது.”

வாக்கியம் ஆறாகிவிட்டது, நீளமும் கூடிவிட்டது. கவலைப்படாதீர்கள். ஒவ்வொரு வாக்கியமும் ஒரே ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும், நிபந்தனை முதலில் வர வேண்டும், வினை முடிவில் வர வேண்டும். தமிழ்க் காதுக்கு அதுதான் ஒழுங்கு. ‘தங்கள்’ வேண்டாம், ‘நீங்கள்’ மரியாதைக்குப் போதும்.

பேச்சுத் தமிழில் அச்சடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. ‘விலகலாம்’ என்பதை ‘விலத்தலாம்’ என்று அச்சில் கண்டால் தங்களைக் குறைவாக நினைத்து எழுதியதாக மனிதர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எழுத்துத் தமிழிலேயே, வாசிக்கிறவர் ஈற்றை மட்டும் மாற்றிப் பேச்சாக்கக்கூடிய சொற்களில் எழுதுங்கள்.

கையெழுத்துப் பகுதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாசிக்கத் தெரியாதவருக்குத் தாளை வாசித்துக் காட்டும்போது ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் பக்கத்தில் இருந்து கையெழுத்திட வேண்டும் என்று படிவம் சொல்லும். அவரைச் ‘சாட்சி’ என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நீதிமன்றம் வந்துவிடும். ‘வாசித்ததைக் கூடவிருந்து கேட்டவர்’ என்று எழுதிப் பாருங்கள், குழு ஏற்காவிட்டால் ‘சாட்சி’யை அடைப்புக்குள் சேருங்கள். அந்த இடத்தில் கிராம அலுவலரைக் கொண்டுவந்து இருத்துவது வழக்கமாகிவிட்டது. உதவிப் பட்டியலைத் தயாரிக்கிறவர் முன்னால் இருந்தால் ‘வேண்டாம்’ என்று யார் சொல்வார்? இது மொழிபெயர்ப்பாளரின் வேலையல்ல என்பார்கள், இருந்தாலும் கேள்வித் தாளில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பின்மொழிபெயர்ப்பு

ஆங்கில மூலத்தைப் பார்த்திராத வேறொருவர் உங்கள் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். நண்பருக்குக் கொடுத்தாலும் மூலத்தைக் காட்டாதீர்கள். வந்ததும் மூன்று நிரல் அட்டவணை போடுங்கள்: மூலம், தமிழ், திரும்பிய ஆங்கிலம். விடுபட்ட ‘அல்ல’, மாறிப்போன எண், ‘படும்’ ஆகிவிட்ட ‘படலாம்’ ஆகியவற்றை இது நன்றாகப் பிடிக்கும். கடைசியாகச் சொன்னது ஆபத்தானது. ‘மாதிரிகள் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்படலாம்’ என்பது ‘அனுப்பப்படும்’ ஆகினால் நீங்கள் வேறொரு ஆய்வுக்குச் சம்மதம் கேட்கிறீர்கள். திரும்பிய ஆங்கிலம் மூலத்தைப் போலவே இருக்கிறது என்று மகிழாதீர்கள். சொல்லுக்குச் சொல் அச்சாக வந்தால், பெரும்பாலும் உங்கள் தமிழே ஆங்கிலமாக இருக்கிறது என்று அர்த்தம்.

வாசித்துக் காட்டிப் பார்த்தல்

ஆய்வில் சேரப்போகாத ஐந்தாறு பேர் போதும். வயதான ஒருவர், சாதாரணதரம் படித்த ஓர் இளம்பிள்ளை, மலையகப் பின்னணியில் ஒருவர், வாசிக்கத் தெரியாத ஒருவர் இருந்தால் நல்லது. உங்கள் உறவினரை வைத்துச் செய்யாதீர்கள், அவர்கள் உங்களுக்காக விளங்கிக்கொள்வார்கள். தாளை நீங்களே வாசிக்காமல் கள உதவியாளரை வாசிக்க விட்டு, அவர் எங்கே தடுமாறுகிறார், எந்த வரியைத் தாளை விட்டுத் தன் சொல்லில் சொல்கிறார் என்று குறியுங்கள். அவர் தானாக மாற்றிச் சொல்லும் சொல் பெரும்பாலும் உங்களுடையதைவிட நல்ல சொல்லாக இருக்கும்.

“விளங்கினதா?” என்று கேட்காதீர்கள். “ஓம்” என்பார்கள், அது மரியாதை. நடக்கக்கூடியதைச் சொல்லிக் கேளுங்கள். நாளைக்கு வேண்டாம் என்று தோன்றினால் என்ன செய்வீர்கள்? இந்தத் தாளை யார் யார் பார்ப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? இதில் சேர்ந்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?

எங்கள் பந்தியை வாசித்துக் காட்டினால் வரக்கூடிய பதில் ஒன்று: “விலகினால் குடுத்த இரத்தத்தைத் திருப்பித் தருவீங்களோ?” சிரிப்பு வரும், ஆனால் ‘அழித்துவிடுவோம்’ என்ற வரி எட்டவில்லை என்பதுதான் அதன் பொருள். ‘திரும்ப எடுக்க முடியாது’ என்ற அடுத்த வரியின் ‘திரும்ப’ அங்கே குழப்பியிருக்கிறது. “அந்த முடிவுகள் கணக்கிலேயே இருக்கும்” என்று மாற்றி அடுத்த ஆளிடம் வாசியுங்கள்.

இன்னொரு கேள்வி கட்டாயம் வரும்: “ஏன் என்னட்டை வந்தனீங்கள்? என்ரை பேரை ஆர் தந்தது?” மூலத்தில் ‘எழுமாறாகத் தெரிவுசெய்யப்பட்டீர்கள்’ என்று ஒரு வரி இருக்கும். பல்கலைக்கழகம் போனவருக்கு மட்டும் விளங்கும் சொல் அது. பட்டியல் என்றாலே அடிவயிறு கலங்கும் ஊரில் பெயர் எங்கிருந்து வந்தது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வாக்காளர் இடாப்பிலிருந்து எடுத்தார்களா? அப்படியென்றால், “வாக்காளர் இடாப்பில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டதுபோலச் சில வீடுகளை எடுத்தோம். உங்கள் வீடும் அதில் வந்தது. யாரும் உங்கள் பெயரைத் தரவில்லை” என்று எழுதலாம். இதில் கடைசி வாக்கியம் மூலத்தில் இல்லாத ஒரு வாக்குறுதி. அது உண்மையா என்று ஆய்வாளர் சொல்ல வேண்டும், ஆங்கிலத்திலும் சேர வேண்டும், பிறகுதான் தமிழில் இருக்கலாம்.

அச்சும் கையெழுத்தும்

கோப்பை யுனிக்கோட்டிலேயே தட்டச்சு செய்யுங்கள். இன்னும் பாமினியில் தட்டுபவர்கள் உண்டு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுப் பக்கமும் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். வயதானவர்கள் வாசிக்க 14 புள்ளி அளவு வேண்டும். ஒவ்வொரு பக்க அடியிலும் பதிப்பு எண்ணும் திகதியும் ஆங்கிலத் தாளில் உள்ளபடியே இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பின் ஒரு சொல்லை மாற்றினாலும் பதிப்பு எண் மாறும், தாள் திரும்பக் குழுவுக்குப் போகும்.

முடிவில் மொழிபெயர்ப்பு மூலத்துக்கு நேர்மையானது என்று உங்களிடம் கையெழுத்துக் கேட்பார்கள். அச்சான தாளை உங்கள் கோப்போடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்த பிறகு போடுங்கள். ஒரு தடவை நான் கொடுத்த ‘சம்மதம்’ எல்லாம் ‘ஒப்புதல்’ ஆகி அச்சாகி வந்தது. யாரோ ஒருவர் நல்ல தமிழ் என்று நினைத்து ஒரே அடியில் மாற்றியிருந்தார். கேள்வித் தாளில் அந்தச் சொல்லுக்கு நேரே ஆய்வாளர் ‘சரி’ என்று எழுதியிருந்தது இருந்தபடியால் இருநூறு பிரதியையும் திரும்ப அடித்தார்கள்.